லாகின் டோக்கனுக்கு எந்த ரேண்டம்?

பாஸ்வேர்டு மறந்துபோனால் ‘மறந்துவிட்டீர்களா?’ என்ற பொத்தானை அழுத்துகிறோம். சில நொடிகளில் மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் வருகிறது. அதன் கடைசியில் எழுத்தும் எண்ணும் கலந்து, படிக்க முடியாதபடி முப்பது நாற்பது எழுத்துகள் இருக்கும். லிங்க்கைச் சொடுக்கினால் தளம் நம்மிடம் வேறு அடையாளம் எதுவும் கேட்பதில்லை. புதிய பாஸ்வேர்டு என்ன என்று மட்டும் கேட்கிறது. அந்த எழுத்துச் சரத்துக்குத்தான் டோக்கன் என்று பெயர்.

லாகின் செய்த பிறகும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்க முடியாது என்பதால், தளம் ஒரு டோக்கனை உருவாக்கி நம் பிரவுசரிடம் கொடுத்துவிடுகிறது. அதன்பின் பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைக் காட்டுகிறது, தளமும் நம்மை உள்ளே விடுகிறது. கோவில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தரும் வில்லையைப் போன்றது இது. வில்லையை யார் நீட்டுகிறாரோ அவர் கையில் செருப்பு போய்விடும். பெயரை யாரும் கேட்பதில்லை.

ஆகவே டோக்கனிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய முதல் குணம், அதைப் பிறர் ஊகிக்க முடியாமல் இருப்பது. அதனால்தான் அதை ரேண்டம் எண்ணிலிருந்து உருவாக்குகிறார்கள். இங்கேதான் ஒரு தேர்வு வருகிறது. இன்று புழக்கத்தில் உள்ள முக்கியமான நிரலாக்க மொழிகளில் ரேண்டம் எண் தரும் வழிகள் இரண்டு வகையாக உண்டு. ஒன்று, வேகத்துக்காக உருவாக்கப்பட்ட சாதாரண ஜெனரேட்டர். மற்றது, எதிராளி ஒருவர் இருக்கிறார் என்று எண்ணியே உருவாக்கப்பட்ட பாதுகாப்பான ஜெனரேட்டர். பைத்தான் மொழியில் முதல் வகையை வைத்து டோக்கன் உருவாக்கினால் இப்படி இருக்கும்:

```python
import random
token = "%032x" % random.getrandbits(128)
```

இரண்டாவது வகை இப்படி:

```python
import secrets
token = secrets.token_hex(16)
```

இரண்டுமே 128 பிட் நீளமுள்ள, 32 எழுத்து கொண்ட டோக்கனைத் தருகின்றன. இரண்டு டோக்கன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் முதல் டோக்கனை வைத்து ஒரு தளத்தையே திறந்துவிடலாம். அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கணக்குப் போட்டு வரும் ரேண்டம்

பைத்தானின் `random` என்ற பகுதிக்குள் இயங்குவது மெர்சென் ட்விஸ்டர் என்ற வழிமுறை. ஜப்பானைச் சேர்ந்த மகோதோ மட்சுமோதோ, தகுஜி நிஷிமுரா ஆகிய இருவர் 1997-இல் உருவாக்கியது. அறிவியல் கணிப்புகளுக்கு இது அருமையான கருவி. வானிலை மாதிரி, பங்குச் சந்தை மாதிரி, அணுத்துகள்களின் நகர்வு என்று கோடிக்கணக்கான ரேண்டம் எண்கள் தேவைப்படும் வேலைகளில் அது சலிக்காமல் எண்களைக் கொட்டும். அந்த எண்கள் சீராகப் பரவியிருக்கும். தொடர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்கு முன் அது தரக்கூடிய எண்களின் எண்ணிக்கையை எழுதினால் 6,002 இலக்கங்கள் வரும்.

ஆனால் அதற்குள் தற்செயல் என்று எதுவும் கிடையாது. 624 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் அதன் நினைவில் இருக்கிறது. இதை அதன் உள்நிலை என்போம். ஒவ்வொரு எண்ணும் 32 பிட் நீளம். நாம் ரேண்டம் எண் கேட்கும்போது பட்டியலில் அடுத்து நிற்கும் எண்ணை எடுத்து, கொஞ்சம் கலைத்து, நம் கையில் கொடுக்கிறது. பட்டியல் தீர்ந்ததும் பழைய 624 எண்களிலிருந்தே ஒரு நிலையான விதிப்படி புதிய 624 எண்களைக் கணக்கிட்டுக்கொள்கிறது. தொடக்கத்தில் அந்தப் பட்டியலை நிரப்பக் கொடுக்கும் எண்ணுக்கு விதை எண் என்று பெயர். விதை எண் ஒன்றாக இருந்தால் விளைச்சலும் ஒன்றுதான்.

இதை வீட்டில் உள்ள கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். பைத்தான் 3-ஐத் திறந்து இந்த இரண்டு வரிகளை அடியுங்கள்:

```python
import random
random.seed(42); print(random.random())
```

திரையில் `0.6394267984578837` என்று வரும். நாளைக்கு ஓட்டினாலும், வேறு ஊரில் வேறு கணினியில் ஓட்டினாலும் இதே எண்தான் வரும். ஆராய்ச்சியாளருக்கு இது ஒரு வரம். தன் சோதனையை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து சரிபார்க்க முடிகிறது. டோக்கனுக்கு இதே குணம்தான் ஆபத்து. ஏனென்றால் நமக்கு வந்த எண்ணை இன்னொருவரும் வரவழைக்க முடியும்.

விதை எண்ணை நாம் தராவிட்டால் பைத்தான் அதை இயங்குதளத்திடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அந்த விதை எண்ணை யாரும் ஊகிக்க முடியாது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததே என்று தோன்றலாம். தீரவில்லை. விதை எண் தெரியாமலேயே உள்நிலையைப் பிடித்துவிட வழி இருக்கிறது.

156 லிங்க்குகளில் விழும் பூட்டு

ஒரு சிறிய ஆன்லைன் கடையை எடுத்துக்கொள்வோம். பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்குக்கு மேலே காட்டிய முதல் வகை வரியைத்தான் பயன்படுத்துகிறது. எல்லா டோக்கன்களும் ஒரே நிரல், ஒரே ஜெனரேட்டரிலிருந்து வருகின்றன. அந்தக் கடையில் கள்ள நோக்கம் கொண்ட ஒருவர் முறைப்படி தனக்கென்று ஒரு கணக்கு தொடங்குகிறார்.

முதலில் அவர் தன் சொந்தக் கணக்குக்கே ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்’ என்று 156 முறை அழுத்துகிறார். 156 மின்னஞ்சல்கள், 156 டோக்கன்கள். ஏன் இந்த எண்ணிக்கை? 128 பிட் டோக்கன் ஒன்றை உருவாக்க மெர்சென் ட்விஸ்டரிடம் 32 பிட் எண்கள் நான்கு வாங்க வேண்டும். 156-ஐ நான்கால் பெருக்கினால் 624. உள்நிலைப் பட்டியலில் எத்தனை எண்கள் உண்டோ அத்தனையும் இப்போது அவர் மின்னஞ்சல் பெட்டியில் இருக்கின்றன. அவை சற்றே கலைந்த வடிவில் உள்ளன, அவ்வளவுதான்.

அடுத்தது கலைத்ததைப் பழையபடி ஆக்குவது. மெர்சென் ட்விஸ்டர் எண்ணை வெளியே தரும் முன் செய்யும் கலைப்பு இதுதான்:

```python
y ^= y >> 11
y ^= (y << 7) & 0x9d2c5680
y ^= (y << 15) & 0xefc60000
y ^= y >> 18
```

எண்ணின் பிட்டுகளைக் கொஞ்சம் இடம் வலமாக நகர்த்தி, அதே எண்ணோடு சேர்ப்பதை நான்கு முறை செய்கிறது. இதில் எந்தத் தகவலும் தொலைவதில்லை. கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் திரும்ப நடந்தால் கலைக்கும் முன் இருந்த எண் அப்படியே கிடைத்துவிடும். இந்த வரிகளை எழுதியவர்கள் எதையும் மறைக்க எண்ணவில்லை. எண்கள் இன்னும் சீராகப் பரவ வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். எனவே அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. கருவியை வேறு வேலைக்கு எடுத்ததுதான் குறை.

624 எண்களையும் இப்படித் திருப்பியதும் முழு உள்நிலையும் கையில் வந்துவிடுகிறது. அதைத் தன் கணினியில் உள்ள பைத்தானுக்குள் ஏற்றினால், கடையின் சர்வரில் ஓடும் ஜெனரேட்டருக்கு ஓர் இரட்டைப் பிறவி பிறந்தாயிற்று. அங்கே அடுத்து என்ன வருமோ அதுவே இங்கேயும் வரும். இந்தக் கணக்கு முழுவதையும் முடிக்க ஒரு சாதாரண மடிக்கணினிக்கு ஒரு வினாடிகூட வேண்டாம்.

இப்போது அவர் கடையின் நிர்வாகியின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்’ என்று அழுத்துகிறார். லிங்க் நிர்வாகிக்குத்தான் போகிறது. ஆனால் அந்த லிங்க்கில் என்ன டோக்கன் இருக்கும் என்பதை இவர் கணினி முன்பே கணக்கிட்டு வைத்திருக்கிறது. நிர்வாகி அந்த மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே பாஸ்வேர்டு மாறிப்போயிருக்கும்.

நடுவில் வேறு வாடிக்கையாளர்களும் டோக்கன் வாங்கினால் வரிசை குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பும், ஆனால் தாக்குபவருக்கு அது பெரிய தடை இல்லை. நிர்வாகிக்கான கோரிக்கைக்கு முன்னும் பின்னும் தன் கணக்குக்கு ஒவ்வொரு டோக்கன் வாங்கிக்கொள்கிறார். கணக்கிட்ட தொடரில் தன்னுடைய இரண்டு டோக்கன்களும் எங்கே விழுகின்றன என்று பார்த்தால், நிர்வாகியின் டோக்கன் அவற்றுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். அங்கே இருக்கும் இரண்டு மூன்றை முயன்று பார்த்தால் போதும்.

விதை எண்ணே தெரிந்துவிட்டால்

மேலே சொன்ன வழியில் நிறைய டோக்கன்கள் தேவைப்படுகின்றன. விதை எண் சின்னதாகவோ ஊகிக்கக்கூடியதாகவோ இருந்துவிட்டால் அந்தச் சிரமமும் வேண்டாம். இதற்கு நடந்த உதாரணம் உண்டு.

2009-இல் மென்பொருள் துறையினர் அதிகம் படிக்கும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் பிறர் கணக்குக்குள் நுழைய முடியும் என்று அதன் பயனர் ஒருவர் நிரூபித்தார். அந்தத் தளம் ஆர்க் என்ற மொழியில் எழுதப்பட்டது. லாகின் செய்தவர்களுக்கான டோக்கனை அது சாதாரண ஜெனரேட்டரிலிருந்து எடுத்தது. அந்த ஜெனரேட்டரின் விதை எண், நிரல் தொடங்கிய நேரம். மில்லி வினாடித் துல்லியத்தில் எழுதிய நேரம் பார்ப்பதற்கு மிக நீளமான எண்தான். ஆனால் நிரல் எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று தெரிந்துவிட்டால், ஒரு நிமிடத்தில் இருப்பது 60,000 மில்லி வினாடிகள் மட்டுமே. விதை எண் அந்த 60,000-இல் ஒன்று.

தளத்தை நிலைகுலைய வைத்து மறுபடி தொடங்கச் செய்யவும் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தொடங்கிய நேரம் தெரிந்ததால், சாத்தியமான ஒவ்வொரு விதை எண்ணையும் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, தனக்கு வந்த டோக்கன் எதில் வருகிறது என்று தேடலாம். பொருந்தும் விதை கிடைத்ததும் மற்றவர்களுக்கு வரும் டோக்கன்களும் தெரிந்துவிடும். அவர் இதைத் தளத்தை நடத்தியவர்களிடம் தெரிவித்தார். அவர்கள் டோக்கன் உருவாக்கும் பகுதியை மாற்றி, இயங்குதளத்தின் பாதுகாப்பான மூலமான `/dev/urandom` என்பதிலிருந்து படிக்கும்படி செய்தார்கள். திருத்தம் சில வரிகளில் முடிந்தது.

பிஎச்பி மொழியில் எழுதிய தளங்களிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. அங்கே `mt_rand` என்ற சாதாரண ஜெனரேட்டரின் விதை எண் 32 பிட் மட்டும். மொத்தம் சுமார் 429 கோடி சாத்தியங்கள். மனிதக் கணக்குக்கு இது பெரிய எண். கணினிக்கு அப்படியில்லை, எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் முயன்று முடித்துவிடும். பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்குகளை இப்படிக் கணிக்கலாம் என்பதைப் பல பிஎச்பி மென்பொருள்களில் காட்டிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 2012-இல் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வெளியானது. பின்னர் 2015-இல் வந்த பிஎச்பி 7 பதிப்பில் `random_bytes`, `random_int` என்ற பாதுகாப்பான வழிகள் மொழியிலேயே சேர்க்கப்பட்டன.

அரைகுறை மருந்துகள்

இந்தச் சிக்கலைக் கேட்டதும் பலரும் சாதாரண ஜெனரேட்டரை விடாமல், அதன் மேல் ஏதாவது பூசிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். எண்ணில் பாதியை மட்டும் வெளியே காட்டுவது அதில் ஒன்று. மெர்சென் ட்விஸ்டரைப் பொறுத்தவரை இது தள்ளிப்போடுவது மட்டுமே. அதன் விதிகள் எல்லாம் நேரியல் சமன்பாடுகள். பள்ளியில் இரண்டு சமன்பாடுகளை வைத்து இரண்டு தெரியாத எண்களைக் கண்டுபிடித்தோமே, அதே கணக்கின் பெரிய வடிவம். ஒவ்வொரு டோக்கனிலும் தெரியும் பிட் குறைந்தால், கூடுதலாகச் சில டோக்கன்கள் வாங்கிச் சமன்பாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். தெரியாத பிட்டுகள் 19,937 தான். அவற்றைத் தீர்ப்பது கணினிக்குக் கடினமில்லை.

இன்னொன்று, எண்ணை எம்டி5, எஸ்எச்ஏ-256 போன்ற ஹாஷ் வழிமுறைக்குள் போட்டு எடுப்பது. ஹாஷைத் திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் விதை எண் சின்னதாக இருக்கும்போது தாக்குபவர் எதையும் திருப்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு விதை எண்ணையும் போட்டு, வரும் எண்ணை அதே ஹாஷுக்குள் செலுத்தி, விடை தன்னிடம் உள்ள டோக்கனோடு பொருந்துகிறதா என்று முன்னோக்கியே சோதிக்கிறார். டோக்கனோடு நேரத்தையும் பயனர் எண்ணையும் ஒட்டுவதும் அப்படித்தான். அவை இரண்டும் அவருக்கும் தெரிந்தவை.

பாதுகாப்பான ஜெனரேட்டர் என்ன செய்கிறது?

பாதுகாப்பான ஜெனரேட்டரும் கணக்குப் போட்டுத்தான் எண் தருகிறது. ஆனால் இரண்டு இடங்களில் அது வேறுபடுகிறது.

முதலாவது தொடக்கம். லினக்ஸை எடுத்துக்கொண்டால், வன்பொருளிலிருந்து வரும் குறுக்கீடுகளின் நேர நுணுக்கங்கள், செயலியில் உள்ள ரேண்டம் எண் சுற்று போன்ற பல மூலங்களிலிருந்து வெளியாட்கள் அறிய முடியாத சிறு மாறுபாடுகளை இயங்குதளம் சேகரித்துக் கலக்குகிறது. அதிலிருந்து 256 பிட் நீளமுள்ள ரகசியச் சாவி ஒன்று பிறக்கிறது. அது எடுக்கக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை 78 இலக்க எண். ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கணினி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, போதுமான அளவு சேகரிக்கவில்லை என்றால், லினக்ஸின் `getrandom` அழைப்பு சேகரித்து முடியும்வரை காத்திருக்கும்; அவசரத்துக்காகப் பலவீனமான எண்ணைத் தந்துவிடாது.

இரண்டாவது, எண்ணை வெளியே தரும் விதம். 2016 முதல் லினக்ஸ் இதற்கு சாச்சா20 என்ற சைஃபரைப் பயன்படுத்துகிறது. மெர்சென் ட்விஸ்டரின் நான்கு வரிக் கலைப்பைத் திருப்பியதுபோல் இதன் வெளியீட்டைத் திருப்பிச் சாவியைக் கண்டுபிடிக்க எவருக்கும் வழி தெரியவில்லை. பல ஆண்டுகளாக உலகின் கிரிப்டோ வல்லுநர்கள் உடைக்க முயன்றும் நிற்கும் சைஃபர் இது. நூறு டோக்கன் வாங்கினாலும் கோடி டோக்கன் வாங்கினாலும் அடுத்த டோக்கனின் ஒரே ஒரு பிட்டைக்கூட, காசு சுண்டிப் பார்ப்பதைவிட நன்றாக ஊகிக்க முடியாது. பாதுகாப்பான ஜெனரேட்டருக்குக் கணினியியல் வைத்திருக்கும் அளவுகோலே இதுதான். எண்கள் சீராகப் பரவியிருக்கின்றனவா என்ற கேள்வி சாதாரண ஜெனரேட்டருக்கானது.

எண்ணைக் கொடுத்த கையோடு அது தன் சாவியையும் மாற்றி, பழையதை அழித்துவிடுகிறது. ஆகவே நாளைக்கு யாராவது சர்வருக்குள் நுழைந்து நினைவகத்தைப் படித்தாலும், நேற்று வரை கொடுத்த டோக்கன்களைக் கணக்கிட முடியாது.

இந்தத் தொடக்கம் கெட்டால் சைஃபர் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை என்பதற்கு டெபியன் லினக்ஸின் அனுபவம் சான்று. 2006-இல் அதன் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில், பிழை தேடும் கருவி ஒன்று எச்சரித்ததற்காகச் சில வரிகளை நீக்கினார்கள். சேகரித்த ரகசியத்தை ஜெனரேட்டருக்குள் கலக்கும் வேலையும் அந்த வரிகளோடு போய்விட்டது. ஓடும் நிரலின் எண் மட்டுமே விதையாக மிஞ்சியது. அது எடுக்கக்கூடிய மதிப்புகள் 32,768. மே 2008-இல் இது வெளியே தெரிந்தபோது, இடைப்பட்ட காலத்தில் உலகெங்கும் உருவான சாவிகளைத் தூக்கிப்போட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடம் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம், அந்தச் சாவிகளும் பார்ப்பதற்கு ரேண்டமாகவே இருந்தன. ஆகவே ஜெனரேட்டரை நாமே எழுதுவதோ, அதற்கு நாமே விதை எண் கொடுப்பதோ வேண்டாம். இயங்குதளத்திடம் கேட்டு வாங்குவதே முறை.

வேகம் என்ற வாதம்

சாதாரண ஜெனரேட்டர் வேகமானது என்பது சரி. எண்களை மொத்தமாகக் கேட்டால் வேறுபாடு தெரியும். ஆனால் டோக்கன் விஷயத்தில் அந்த வேகம் எங்கே உதவுகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். இயங்குதளத்திடம் கேட்டு ஒரு டோக்கன் வாங்கச் சில மைக்ரோ வினாடிகள் போதும். ஒரு மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதே லாகினின்போது பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பிகிரிப்ட் போன்ற வழிமுறை, வேண்டுமென்றே மெதுவாக வைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பத்துக் கணக்கிலிருந்து நூற்றுக் கணக்கு வரை மில்லி வினாடிகள் ஆகும். தரவுத்தளத்தில் தேடுவது, மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் அதற்கு மேல். ஒருவர் லாகின் செய்ய மொத்தம் ஆகும் நேரத்தில் டோக்கன் எடுக்கும் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இருக்காது. அதை மிச்சம் பிடிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

வேகமான ஜெனரேட்டருக்கு உரிய இடங்கள் உண்டு. விளையாட்டில் எதிரி எந்தப் பக்கம் நகர வேண்டும், சோதனைத் தரவில் எந்தப் பெயர் வர வேண்டும், கணிப்பு மாதிரியில் கோடி முறை எண் வேண்டும் என்பவை எல்லாம் அதற்கான வேலை. எண்ணை ஊகித்தால் யாருக்காவது லாபம் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் பாதுகாப்பானதை எடுங்கள்.

நீளமும் மற்ற பூட்டுகளும்

நல்ல ஜெனரேட்டரை எடுத்தாலும் டோக்கன் குட்டையாக இருக்கக் கூடாது. 128 பிட் இருந்தால் போதுமானது. ஒரு தளத்தில் பத்து லட்சம் டோக்கன்கள் ஒரே நேரத்தில் செல்லுபடியாகின்றன, தாக்குபவர் வினாடிக்குப் பத்தாயிரம் முறை முயல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஏதாவது ஒன்று சிக்குவதற்குப் பிரபஞ்சத்தின் வயதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு காலம் பிடிக்கும்.

செல்பேசிக்கு வரும் ஆறு இலக்க ஓடிபி இதற்கு நேர் எதிர். அதில் மொத்தமே பத்து லட்சம் சாத்தியங்கள்தான். ஜெனரேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தளம் எத்தனை முறை வேண்டுமானாலும் முயல விட்டால், வினாடிக்கு நூறு வீதம் மூன்று மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். மூன்று முறை தவறினால் செல்லாது, சில நிமிடங்களில் காலாவதி என்ற விதிகள்தான் ஓடிபியைக் காப்பாற்றுகின்றன. அதற்காக ஓடிபிக்குச் சாதாரண ஜெனரேட்டர் போதும் என்று ஆகிவிடாது. அடுத்த ஓடிபியைக் கணித்துவிட்டால் தாக்குபவருக்கு ஒரே முயற்சி போதும். பைத்தானில் அதற்கு `secrets.randbelow(1000000)` இருக்கிறது.

டோக்கன் கசிவதை எந்த ஜெனரேட்டராலும் தடுக்க முடியாது. தரவுத்தளத்தில் டோக்கனை அப்படியே வைக்காமல் அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷை மட்டும் வைத்தால், தரவுத்தளம் திருடு போனாலும் உள்ளே இருக்கும் டோக்கன்களை யாரும் பயன்படுத்த முடியாது. பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் ஒரு முறை பயன்பட்டதும் செத்துவிட வேண்டும். சர்வரின் பதிவேட்டில் முழு லிங்க்கும் எழுதப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் குறையைத் தளத்துக்கு வெளியே இருந்தோ, டோக்கன்களைப் பார்த்தோ கண்டுபிடிக்கப் பார்ப்பது வீண். ரேண்டம் தானா என்று சோதிக்கும் புள்ளியியல் கருவிகளிலும் மெர்சென் ட்விஸ்டர் பெரும்பாலும் தேறிவிடும். நிரலைத் திறந்துதான் பார்க்க வேண்டும். பைத்தானில் `random.`, பிஎச்பியில் `rand`, `mt_rand`, `uniqid`, ஜாவாவில் `java.util.Random`, ஜாவாஸ்கிரிப்ட்டில் `Math.random` ஆகியவற்றைத் தேடுங்கள். பக்கத்தில் டோக்கன், செஷன், ஓடிபி, ரீசெட், கூப்பன் என்று ஏதாவது இருந்தால் அங்கே மாற்ற வேண்டும். பைத்தான் நிரல்களுக்கு பாண்டிட் என்ற இலவசக் கருவி இதைத் தானாகவே தேடி `B311` என்ற எண்ணோடு சுட்டிக்காட்டும்.

மாற்றாக எடுக்க வேண்டியவையும் தயாராக உள்ளன. பைத்தானில் `secrets`, பிஎச்பியில் `random_bytes`, ஜாவாவில் `SecureRandom`, பிரவுசரில் `crypto.getRandomValues`, நோட் தளத்தில் `crypto.randomBytes`. இவற்றில் எதற்கும் பணம் கட்ட வேண்டாம், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பழைய டோக்கன்களை எல்லாம் ஒரு முறை ரத்து செய்து, எல்லோரையும் மறுபடி லாகின் செய்யச் சொன்னால் வேலை முடிந்தது.

லாகின் டோக்கன் விஷயத்தில் இரண்டு ஜெனரேட்டர்களையும் எடைபோட்டுப் பார்க்கும் அளவுக்குச் சிக்கல் எதுவும் இல்லை. மிச்சமாவது சில மைக்ரோ வினாடிகள், பணயம் வைப்பதோ பயனர்களின் கணக்குகள். தளம் நடத்துகிறவர்கள் தங்கள் நிரலாளரிடம் இன்றைக்கே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் டோக்கன் எந்த வரியில் பிறக்கிறது? அந்த வரியில் மேலே சொன்ன பாதுகாப்பான பெயர்களில் ஒன்று இல்லாவிட்டால், அதை உடனே மாற்றச் சொல்லுங்கள்.